பாதிச் சரக்கு, பெண்டிங் சரக்கு, இரண்டாவது லோடு: கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் பைப், ஃபிட்டிங்ஸ், சானிட்டரி மொத்த வியாபாரக் குடோனில் சரக்கு அனுப்பும் வேலையைப் பார்த்துக்கொள்பவன் நான். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிக்கு எங்கள் குட்டி யானை செவ்வாய், வெள்ளியில் போகும். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களுக்குப் பார்சல் சர்வீஸ். இந்த வேலையில் புதிதாகச் சேர்பவர்களும் எங்களிடம் வாங்கும் கடைக்காரர்களும் கேட்பவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

1. அண்ணே, ஆர்டர்ல ஒரு ஐட்டம் இல்லேன்னா இருக்கறத அனுப்பிடவா, எல்லாம் வந்ததும் சேத்து அனுப்பவா?

இரண்டு விஷயம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இல்லாத ஐட்டம் இல்லாமல் மற்றவை அந்தக் கடைக்குப் பயன்படுமா? மீதிச் சரக்கு பிறகு எந்த வண்டியில் போகும்? முதல் கேள்விக்கு 6-லும், இரண்டாவதற்கு 4-லும் விவரமாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் எந்தச் சரக்காக இருந்தாலும், பார்ட்டியைக் கேட்காமல் பிரித்து அனுப்பக் கூடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 38-ஆம் பிரிவின்படி, முன்பே ஒப்புக்கொள்ளாத வரை, தவணை தவணையாக வரும் சரக்கை வாங்குபவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 37-ஆம் பிரிவின்படி, பேசியதைவிடக் குறைவாக வந்தால் மறுக்கலாம். வாங்கிக்கொண்டால் வந்ததற்கு மட்டும் பேசிய விலையில் பணம் கொடுத்தால் போதும். நம் பக்கத்தில் யாரும் சட்டம் பேசி லோடைத் திருப்பிவிடுவதில்லை. ஆனாலும் 'உங்களை யார் பாதியை அனுப்பச் சொன்னது?' என்று ஒரு கடைக்காரர் கேட்டால், நியாயம் அவர் பக்கம்தான். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே, 'எது இல்லையென்றாலும் இருப்பதை அனுப்பலாமா, சேர்த்துத்தான் வேண்டுமா?' என்று கேட்டு ஆர்டர் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். பேக்கிங் மேசையில் முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

2. பிரிச்சு அனுப்பறது, பாதி அனுப்பறது, பெண்டிங் வெக்கிறது எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை. சரக்கு எல்லாமே இருந்தும் இரண்டு இடத்திலிருந்து போனால் அது பிரித்து அனுப்புவது. உதாரணமாக, ஃபிட்டிங்ஸ் எங்கள் குடோனிலிருந்தும், 20 அடி பைப் கம்பெனி டிப்போவிலிருந்து நேராகவும் போகும். இருப்பதை மட்டும் இப்போது அனுப்பினால் அது பாதிச் சரக்கு. இல்லாததை ரத்து செய்யாமல், வந்ததும் தருகிறோம் என்று கணக்கில் வைத்திருப்பது பெண்டிங்.

இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றிலும் செலவு வேறு இடத்தில் விழுகிறது. முதல் வகையில் வாடகை இரண்டு என்பது முன்பே தெரியும், விலையிலேயே சேர்த்துவிடலாம். பெண்டிங்கில் இரண்டாவது வாடகையை யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

3. குடோன்ல 95 சதவீதம் ஐட்டம் எப்பவும் இருக்கு. அப்புறம் ஏன் பாதிப் பேர் 'உங்ககிட்ட எப்பவும் குறையுதே'ன்னு சொல்றாங்க?

அவர்கள் சொல்வது உண்மை, உங்கள் கணக்கும் உண்மை. நீங்கள் ஐட்டத்தை எண்ணுகிறீர்கள், அவர்கள் ஆர்டரை எண்ணுகிறார்கள். ஒரு ஐட்டம் கையில் இருக்க 100-க்கு 95 வாய்ப்பு என்றால், 12 ஐட்டம் உள்ள ஆர்டரில் பன்னிரண்டும் ஒன்றாக இருக்க 0.95-ஐ 12 தடவை பெருக்க வேண்டும். விடை 0.54. அதாவது 100 ஆர்டரில் சுமார் 54 மட்டுமே முழுதாகப் போகும். 20 ஐட்டம் என்றால் 36-தான்.

இதையே 99 சதவீதமாக உயர்த்தினால் 12 ஐட்டம் ஆர்டரில் 89 முழுதாகப் போகும். ஆனால் எல்லா அளவையும் அப்படி வைத்திருக்க முதல் போதாது. அதனால் எல்லா ஆர்டரிலும் எட்டிப் பார்க்கும் ஐட்டங்களை மட்டும் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி: முக்கால் இஞ்ச் எல்போ, டீ, சால்வெண்ட், ஆங்கிள் காக், கனெக்ஷன் டியூப். விலை குறைந்தவை என்பதாலேயே இவற்றைக் கவனிக்காமல் விடுகிறோம். பெண்டிங்கை அதிகம் உண்டாக்குவதும் இவைதான்.

4. மீதிய ரெண்டாவது தடவை அனுப்ப வாடகை அப்படி என்ன கூடிடும்? சின்னப் பெட்டிதானே?

பெட்டி சின்னதாக இருப்பதுதான் சிக்கல். பார்சல் ஆபீசில் கிலோ கணக்குக்குக் கீழே ஒரு குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும். 4 கிலோவுக்கும் அதேதான், 20 கிலோவுக்கும் அதேதான். அதோடு எல்.ஆர். என்கிற லாரி ரசீது போடும் கட்டணம், குடோனிலிருந்து பார்சல் ஆபீஸ் வரை ஆட்டோ, ஏற்றுக்கூலி. இவை எல்லாம் எடையைப் பார்ப்பதில்லை, எத்தனை முறை அனுப்புகிறோம் என்பதைத்தான் பார்க்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கும்பகோணத்துக் கடை 46,000 ரூபாய்க்கு 12 ஐட்டம் கேட்கிறது. ஒரு இஞ்ச் சிபிவிசி பிராஸ் எல்போ 20 பீஸ் மட்டும் இல்லை. 180 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். அதில் நமக்கு 8 சதவீதம் நிற்கும் என்றால் 288 ரூபாய். அதைத் தனியாக அனுப்பினால் குறைந்தபட்சக் கட்டணம் 150, எல்.ஆர். 50, ஆட்டோ 120, கூலி 30, மொத்தம் 350. விற்று 62 ரூபாய் நஷ்டம். அதே 4 கிலோ அவர்களுடைய அடுத்த ஆர்டரோடு சேர்ந்து போனால், கிலோ 6 ரூபாய் என்று வைத்தாலும் 24 ரூபாய்தான். சரக்கை எடுப்பவரே வாடகை கட்டும் டு-பே முறையில் தனியாக அனுப்பினால், குறைந்தபட்சக் கட்டணமும் எல்.ஆரும் சேர்ந்த 200 ரூபாய் கடைக்காரர் தலையில் விழும். நாம் சரக்கு வைத்திருக்காததற்கு அவர் வாடகை கட்டுவது நியாயம் இல்லை. அவரும் அதை மறக்க மாட்டார்.

கடலூருக்கு இந்தக் கணக்கு செல்லாது. செவ்வாய்க்கிழமை விட்டுப்போனது வெள்ளிக்கிழமை வண்டியில் எப்படியும் போகும். வண்டி அந்தத் தெருவுக்குப் போகத்தான் போகிறது, ஒரு பெட்டி கூடுவதால் டீசல் கூடுவதில்லை. ஆனால் பார்ட்டி கத்துகிறார் என்று புதன்கிழமை தனி வண்டி எடுத்தால், அந்த ஒரு பெட்டிக்காக முழு வண்டி வாடகை. எங்கள் கணக்கில் வாடகையை அதிகம் தின்பது கும்பகோணம் இல்லை, இப்படிச் சமாதானத்துக்குப் போகும் கடலூர் தனி வண்டிகள்தான். இதில் இருந்து நாங்கள் வைத்திருக்கும் விதி: வண்டி போகும் ஊருக்குப் பாதிச் சரக்கு தாராளமாக அனுப்பலாம், மீதி அடுத்த நடையில். பார்சலில் போகும் ஊருக்கு மீதி, அடுத்த ஆர்டரோடு. தனியாக அனுப்புவது, தவறு முழுக்க நம்முடையதாக இருக்கும்போது மட்டும், நம் செலவில்.

5. அப்ப எல்லாத்தையும் நிறுத்தி வெச்சு ஒரே லோடா அனுப்பினா வாடகை மிச்சம்தானே?

வாடகை மிச்சமாகும், பார்ட்டி மிச்சமாக மாட்டார். மேலே சொன்ன ஆர்டரில் 3,600 ரூபாய்ச் சரக்குக்காக 42,400 ரூபாய்ச் சரக்கை நிறுத்தி வைத்தால், அந்தக் கடையில் அத்தனை நாளும் பதினோரு ஐட்டம் இல்லை. பிளம்பர் வந்து கேட்பார், இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போவார். வேறு இடத்தில் வாங்கிப் பழகிய பிளம்பரைத் திரும்பக் கொண்டுவருவது கடைக்காரருக்குக் கடினம். நம் பக்கத்திலும் கட்டி வைத்த பெட்டிகள் இடத்தை அடைக்கும். இன்னொரு பார்ட்டி அவசரத்துக்குக் கேட்டால் பையன்கள் அதைப் பிரித்து எடுப்பார்கள். பிறகு அந்த ஆர்டரிலும் குறையும்.

பார்ட்டியே சேர்த்து அனுப்பச் சொன்னால் நிறுத்தலாம், ஆனால் ஒரு நாள் குறித்துத்தான். நாங்கள் அதிகபட்சம் ஒரு வாரம் வைப்போம். அதற்குள் வராவிட்டால் போன் செய்து, இருப்பதை அனுப்பவா என்று மறுபடி கேட்போம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஒரு வாரத்தையும் குறைத்துவிடுவேன். அடைமழையில் கடலூர் பக்கம் தண்ணீர் நின்றால் அடுத்த நடை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது; போக வழி இருக்கும்போது இருப்பது போய்விட வேண்டும்.

6. எந்தச் சரக்கப் பிரிக்கவே கூடாது சார்?

ஒன்றில்லாமல் மற்றொன்று வேலைக்கு ஆகாத சரக்கு. கம்மோடு போய் ஃப்ளஷ் டேங்க் போகாவிட்டால், அந்த வீட்டு பாத்ரூம் வேலை நின்றுவிடும். கம்மோடு உடையும் அபாயம்தான் மிச்சம். சிபிவிசி பைப்பும் சால்வெண்ட்டும் அப்படித்தான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நேராகப் போகும் ஆர்டரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே மாற்றுக்கு எடுத்துக் கொடுக்கக் கடையில் இருப்பு கிடையாது.

டைல்ஸ் தனி ரகம். ஒரே டிசைன், ஒரே நம்பராக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். 60 பெட்டி கேட்ட இடத்தில் 48 அனுப்பி, மீதி 12 அடுத்த பேட்ச்சில் வந்தால் தரையில் கோடு போட்டதுபோல் தெரியும். அந்த 12 மட்டும் திரும்பி வராது, பல சமயம் 60-க்கும் சண்டை வரும். அதனால் டைல்ஸில் பெட்டிமேல் உள்ள பேட்ச், ஷேடு நம்பரைப் பார்த்து, மொத்தமும் ஒரே நம்பரில் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இதில் நான் எந்தப் பார்ட்டிக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான சரக்கும் உண்டு. சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரின் உள் பாடி டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வேண்டும். வெளியே தெரியும் ஹேண்டில், பிளேட் எல்லாம் பெயின்ட் வேலை முடியும் நேரத்தில் போதும். அங்கே பாடியை உடனே அனுப்பி மற்றதைப் பிறகு அனுப்புவதுதான் பார்ட்டிக்கு நல்லது. ஹேண்டிலும் பிளேட்டும் சீக்கிரம் போனால் சைட்டில் காணாமல் போகும், கீறல் விழும். ஆனால் மாடல் மாறிவிட்டால் மாட்டாது. அதனால் பாடி போன அன்றே ஹேண்டிலை அந்தப் பார்ட்டி பேரில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

7. பில் மொத்தத்துக்கும் ஒரே தடவையா போட்டுட்டு, சரக்க ரெண்டு தடவையா அனுப்பலாமா?

கூடாது. எந்தச் சரக்கு வண்டியில் ஏறுகிறதோ அதற்கு மட்டும் பில். மீதி போகும் அன்று மீதிக்குத் தனி பில். போகாத சரக்குக்கும் பில் போட்டுவிட்டால் பார்ட்டிக்குக் கடன் நாள் அன்றே ஓட ஆரம்பிக்கும், நாம் அனுப்பாத சரக்குக்கு வரி கட்டுவோம், பிறகு ரத்தானால் கிரெடிட் நோட். நிதானமான கடைக்காரரையும் கோபப்படுத்துவது இதுதான்.

எங்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரி ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்கும், கடலூர் கடையின் எண் 33-இல். தூரம் கொஞ்சம்தான், ஆனால் வெளி மாநில விற்பனை, ஐஜிஎஸ்டி. சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். உண்மையாகவே இரண்டு நாளில் இரண்டு லோடாகப் போனால், அந்தந்த லோடுக்கு அந்தந்த மதிப்பு. இ-வே பில்லைத் தவிர்ப்பதற்காக ஒரே வண்டியில், ஒரே பார்ட்டிக்கு, ஒரே நாளில் இரண்டு பில்லாகப் பிரிப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் டிரைவர்தான் மாட்டுவார்.

8. பெண்டிங்க எத்தனை நாள் வெச்சிருக்கணும்?

முடிவு நாள் இல்லாத பெண்டிங் ஆபத்தானது. கடைக்காரர் மூன்று நாள் பார்ப்பார், நான்காம் நாள் வேறு மொத்தக் கடையில் வாங்கிவிடுவார். நம்மிடம் சொல்ல அவருக்குத் தோன்றாது. பதினைந்தாம் நாள் நம் பெட்டி போய் இறங்கும். அது திரும்பி வரும்போது போன வாடகை, வந்த வாடகை, கிரெடிட் நோட், நடுவில் உடைந்தது என்று எல்லாம் நம் மேல்.

எங்கள் பழக்கம் இது: வண்டி போகும் ஊருக்கு இரண்டு நடை, பார்சல் ஊருக்கு அடுத்த ஆர்டர் அல்லது 15 நாள், எது முன்னால் வருகிறதோ அது. அதற்குப் பிறகு தானாக ரத்து, அதையும் வாட்ஸப்பில் சொல்லிவிடுவோம். பார்ட்டிக்காகவே வரவழைக்கும் கலர் சானிட்டரி போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அதற்கு முன்பணம் வாங்கியிருப்போம், இருவரும் பேசித்தான் ரத்து. பிவிசி விலை அடிக்கடி ஏறி இறங்கும் என்பதால் விலையையும் இதோடு கட்டிவிடுங்கள்: பெண்டிங் உயிரோடு இருக்கும் வரை ஆர்டர் போட்ட நாளின் விலை, ரத்தாகி மறுபடி கேட்டால் கேட்கும் நாளின் விலை.

9. பிராஸ் எல்போ 30 வருது. மூணு பார்ட்டிக்குச் சேத்து 50 பெண்டிங். ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்துடலாமா?

பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் மூன்று பேருக்கும் மறுபடி குறையும். மூன்று பெண்டிங்கும் அப்படியே நிற்கும், மூன்று இடத்துக்கும் இன்னொரு முறை அனுப்ப வேண்டியிருக்கும்.

எங்கள் முறையை ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். பண்ருட்டிக் கடைக்கு 20 பாக்கி, அதுதான் பழையது, மற்ற சரக்கெல்லாம் போய்விட்டது. திருப்பாதிரிப்புலியூர் கடைக்கும் 20, அவர் சேர்த்துத்தான் வேண்டும் என்றதால் 28,000 ரூபாய் ஆர்டர் முழுவதும் நம் குடோனில் நிற்கிறது. மயிலாடுதுறைக் கடைக்கு 10, அடுத்த ஆர்டரோடு போக வேண்டியது, ஆனால் அடுத்த ஆர்டர் இன்னும் வரவில்லை. திருப்பாதிரிப்புலியூருக்கு 20 கொடுப்பேன். ஒரு முழு ஆர்டர் விடுபடும். மீதி 10 பண்ருட்டிக்கு. வண்டி போகும் ஊர் என்பதால், 4-இல் சொன்னபடி, பாதியாக அனுப்பினாலும் வாடகை கூடாது. மயிலாடுதுறைக்கு ஒதுக்கினாலும் அது இங்கேயேதான் இருக்கும், அதனால் அவருக்கு அடுத்த சரக்கில்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய பெண்டிங்கை ஒரு முறைதான் தாண்டலாம். அடுத்த சரக்கில் முதல் 10 பண்ருட்டிக்கு, கேள்வியே இல்லை. இன்னொன்று, பெண்டிங்குக்காக வந்த சரக்கைக் கவுன்டரில் நிற்கும் புது ஆளுக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெட்டி இறங்கியதும் பார்ட்டி பேரை மார்க்கரில் எழுதிவிடுங்கள். குடோன் பையன்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள்.

10. குறையுதுன்னு முன்னாடியே சொன்னா ஆர்டரையே கேன்சல் பண்ணிட மாட்டாங்களா?

சிலர் அந்த ஒரு ஐட்டத்தை ரத்து செய்வார்கள். அது நமக்கு நல்லது, 8-இல் சொன்ன திரும்பி வரும் பெட்டி ஒன்று குறைந்தது. முழு ஆர்டரையும் ரத்து செய்வது அரிது. கடைக்காரருக்கு வருவது குறை இருப்பதால் வரும் கோபம் இல்லை. பெட்டியைப் பிரித்த பிறகு, பிளம்பர் எதிரில் நிற்கும்போது அது தெரியவருவதால் வரும் கோபம். வண்டி கிளம்பும் முன்பே தெரிந்தால் பக்கத்துக் கடையில் நாலு பீஸ் வாங்கி அவர் சமாளித்துக்கொள்வார்.

நாங்கள் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: 'அண்ணே வணக்கம். உங்க 12 ஐட்டத்துல 11 இன்னிக்கு வண்டியில வருது. 1 இஞ்ச் பிராஸ் எல்போ 20 இல்ல. வெள்ளிக்கிழமை வண்டிக்கு முன்னாடி நிலவரம் சொல்றேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.' இதில் சரக்கு வரும் தேதியைச் சொல்லவில்லை, நான் அடுத்துப் பேசும் தேதியைத்தான் சொல்கிறேன். கம்பெனி எப்போது அனுப்பும் என்பது நம் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை போன் செய்வது நம் கையில் இருக்கிறது. இதே விவரத்தை ஒரு சீட்டில் எழுதி முதல் பெட்டியின் மேலும் வைக்க வேண்டும், சரக்கு இறக்கும் ஆள் வாட்ஸப் பார்த்திருக்க மாட்டார்.

11. இந்த விதியெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஐட்டம் கணக்கைப் பார்க்காதீர்கள், காரணம் 3-இல் இருக்கிறது. ஆர்டர் எத்தனை முழுதாக, முதல் நடையிலேயே போனது என்று வாராவாரம் எண்ணுங்கள். இரண்டாவது முறை அனுப்பியதற்கான வாடகையை மொத்த வாடகையோடு கலக்காமல் தனித் தலைப்பில் எழுதுங்கள். பெரும்பாலான கடைகளில் அந்தத் தொகை எவ்வளவு என்று முதலாளிக்கே தெரியாது. டீசல் கணக்கில் ஒளிந்திருக்கும். அதே தலைப்பில் எந்த ஐட்டத்துக்காகப் போனது என்றும் எழுதினால், மாதக் கடைசியில் ஐந்தாறு ஐட்டத்தின் பேர்தான் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். அடுத்த கொள்முதலில் அவற்றைக் கூட்டுங்கள்.

'என் சரக்கு எங்கே?' என்று வரும் போன்களையும் ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள். முழு ஆர்டரின் எண்ணிக்கை அப்படியே இருந்து இந்தப் போன்கள் மட்டும் குறைந்தால், 10-இல் சொன்ன செய்தி ஒழுங்காகப் போகிறது என்று பொருள். முழு ஆர்டர் கூடியும் போன்கள் குறையவில்லையென்றால், செய்தியை அனுப்ப வேண்டியவர் வண்டி கிளம்பிய பிறகுதான் அனுப்புகிறார். செய்தி போன நேரத்தையும் வண்டி கிளம்பிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.